ஃபேட்: சலூன்ல சொல்ற இந்த வார்த்தைக்கு சரியான அர்த்தம் என்ன?

ஃபேட்னா இங்கிலீஷ்ல மங்கிப் போறது. நிறம் வெளுத்த, சோர்ந்து போனன்னு பொருள் வர்ற பழைய பிரெஞ்சு சொல்லுல இருந்து வந்தது. முடிவெட்டுல இதோட அர்த்தம், காது பக்கமும் பிடரியும் கிட்டத்தட்ட தோல் தெரியுற அளவுல ஆரம்பிச்சு மேல போகப்போக கோடே தெரியாம முடி அடர்த்தியாகுறது. 1980கள்ல அமெரிக்க கறுப்பின இளைஞர்கள்கிட்ட ஹை டாப் ஃபேட் பெரிய ஃபேஷனா இருந்துச்சு.

தமிழ்ல "தேய்வெட்டு"ன்னு சொல்லலாம்ங்கிறது என் கருத்து. தேய்பிறை மாதிரி படிப்படியா குறையுறதுதான் இதுல முக்கியம், "மங்கல்"னு சொன்னா அந்தப் படி வராது. கிருதாவையும் பிடரியையும் மட்டும் சிறுசாக்குறது டேப்பர், அது வேற, நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணா நெனச்சு கேட்டுட்டு அப்புறம் வருத்தப்படுறாங்க.

ஆனா கடையில வெறும் "ஃபேட் போடுங்கண்ணா"ன்னா பத்தாது, எந்த உயரம் வரைக்கும் போகணும்னு சொல்லணும். காதுக்கு சத்தே மேல முடிஞ்சா லோ, நெத்திப்பொட்டு வரைக்கும் போனா மிட், அதுக்கும் மேல ஹை. விரலை வச்சே காட்டிடுங்க, அதுதான் சேஃப்.

அடுத்தது நம்பர், இங்கதான் பெரிய குழப்பமே. கிளிப்பர் சீப்புல ஒண்ணாம் நம்பர்னா 3 மில்லிமீட்டர், ரெண்டு 6, மூணு 10. ஆனா நம்ம ஊர் ட்ரிம்மர் நிறையதுல சீப்பு மேல மில்லிமீட்டரே போட்டிருக்கும், அதனால நீங்க "மூணு"ன்னு 10 மில்லிமீட்டரை நெனச்சு சொல்ல அவர் 3 மில்லிமீட்டரை மாட்டிட்டா முடிஞ்சது கதை. இப்படி சொல்லிப் பாருங்க: "அண்ணா, லோ ஃபேட், காதுக்கு மேல ஒரு விரல் வரைக்கும் சீரோ, அப்படியே மேல 6 மில்லிமீட்டர் வரைக்கும் கலந்து விடுங்க, உச்சியில மெஷின் வேணாம், கத்தரிதான், ரெண்டு இன்ச் நிக்கணும்."

போட்டோ காட்டுறதா இருந்தா முன்னாடி இருந்து எடுத்தது மட்டும் உதவாது, ஃபேட் அதுல தெரியவே தெரியாது. காது மட்டத்துக்கு கேமராவை வச்சு எடுத்த சைடு போட்டோ ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு வேணும். மேல இருந்து எடுத்த செல்ஃபியில ஃபேட் எங்க முடியுதுன்னு சரியா புரியாது. உங்க முடி மாதிரியே அடர்த்தியும் சுருளும் இருக்கிற ஆளோட படமா பாருங்க, சுருள் முடிக்காரர் படத்தைக் காட்டி நேர் முடியில அதே மாதிரி வரணும்னா வராது. நல்லா அமைஞ்ச உங்க பழைய கட்டிங் போட்டோ இருந்தா அதைவிட பெஸ்ட் எதுவும் இல்ல.

வெட்டி முடிச்சதும் பக்கவாட்டு வெளிச்சத்துல பாருங்க, கறுப்பா ஒரு பட்டை தெரிஞ்சா சரியா கலக்கலன்னு அர்த்தம். எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, வெட்டுற நீளத்தை மாத்துற கிளிப்பர் லிவரை பாதி திறந்து அந்தப் பட்டை மேல மட்டும் ஓட்டுனா போயிடும், அதைப் போக்குறேன்னு குறைஞ்ச நீளத்துல வச்ச மெஷினை மேல மேல ஏத்துனா நீங்க கேட்ட லோ ஃபேட் மிட் ஃபேட் ஆயிடும்.