"உங்க பேர் என்னம்மா?" என்று கேளுங்கள்

வேலூரில் நான் வேலை பார்த்த ஒரு வார்டில் ஒரே நாளில் இரண்டு செல்விகள் இருந்தார்கள். ஒருவர் குடியாத்தம், இன்னொருவர் ஆரணி. இருவருக்கும் ரத்தம் ஏற்ற எழுதியிருந்தது. நம் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான் வித்தியாசம், அதையும் பலர் சொல்வதில்லை.

ரத்த வங்கியிலிருந்து பை வந்ததும், நானும் இன்னொரு சிஸ்டரும் எங்கள் மேசையிலேயே லேபிளையும் கிராஸ்மேட்ச் ஃபாரத்தையும் ஒத்துப் பார்த்தோம். பி பாசிட்டிவ், பை எண், காலாவதி தேதி எல்லாம் சரி. படுக்கைக்குப் போய், "செல்விதானேம்மா?" என்றேன். "ஆமாம்மா" என்றார். ஊசியில் டியூபை மாட்டப் போனேன். அதற்குள் அந்த சிஸ்டர் கைப்பட்டையைத் திருப்பி ஐ.பி. நம்பரைப் படித்துவிட்டார். கடைசி இரண்டு எண்கள் ஒத்து வரவில்லை. இவர் ஆரணிச் செல்வி, ஓ பாசிட்டிவ்.

ஓ குரூப்காரர் உடம்பில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி பிறவிக் குணம்போல ஏற்கெனவே இருக்கும். சில மில்லி உள்ளே போனாலே ஏற்றிய அணுக்கள் உடையத் தொடங்கிவிடும். அதில் சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரும் போகலாம்.

நாங்கள் காகிதத்தைக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தோம், ஆளோடு பார்க்கவில்லை. தவறு அங்கேதான். என் கேள்வியும் தவறு. பெயரை நாமே சொன்னால், காது மந்தமானவரும் தமிழ் தெரியாதவரும்கூடத் தலையாட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்னம்மா? அப்பா பேர்?" என்று கேட்டு, அவர் வாயால் வர வேண்டும். அப்புறம் கைப்பட்டை, ஃபாரம், பை மூன்றிலும் பெயர், ஐ.பி. நம்பர், ரத்தப் பிரிவு ஒன்றா என்று இருவரும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். பேச முடியாதவருக்குக் கைப்பட்டைதான் ஆதாரம். பட்டை இல்லையா? ஆளை உறுதிசெய்து பட்டை கட்டும் வரை பையைத் தொடாதீர்கள்.

கண்காணிப்புச் சார்ட்டில் நான் முதலில் பார்ப்பது இரண்டு வரிகளை: ஏற்றும் முன் எடுத்தது, 15ஆவது நிமிடத்தில் எடுத்தது. முன்னது 98.4, நாடி 84, பின்னது 100.4, நாடி 112 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். முதல் வரி காலியாக இருந்தால், காய்ச்சல் பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த 15 நிமிடமும் மெதுவாக விட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள். நடுக்கம், இடுப்பு வலி, ஊசி போட்ட கையில் எரிச்சல், மூச்சுத் திணறல், "என்னமோ பண்ணுதும்மா" என்ற பேச்சு, எதுவானாலும் கிளாம்பை மூடுங்கள்.

அப்புறம் புது செட்டில் நார்மல் சலைன் ஓடட்டும், பழைய டியூபில் மிச்ச ரத்தம் இருக்கும். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, பட்டையையும் லேபிளையும் மறுபடி படியுங்கள். பையைக் குப்பையில் போடாமல், செட்டோடும் புதிதாக எடுத்த ரத்த மாதிரியோடும் ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். அடுத்துப் போகும் சிறுநீரை எடுத்துவைத்து, சிவப்பாகவோ கறுத்தோ இருந்தால் நேரத்தோடு சார்ட்டில் எழுதுங்கள்.