சுவரில் ஒட்டிக்கொள்ளும் பந்து: வேகத்தின் குறியை மாற்றினால் மட்டும் போதுமா?

பெங்களூரில் விளையாட்டு மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் நான், வார இறுதிகளில் அல்சூரில் தமிழ் மாணவர்கள் சிலருக்குப் பைத்தானும் பைகேமும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் எழுதும் முதல் நிரல் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் துள்ளும் பந்துதான். அதில் மோதலைக் கையாளும் பகுதி, எவருடைய லேப்டாப்பைத் திறந்தாலும், ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

```python
x += vx * dt
if x + r > W or x - r < 0:
    vx = -vx
```

பந்தின் விளிம்பு சுவரைத் தாண்டினால் வேகத்தின் குறியை மாற்று என்பதே இதன் பொருள். படிப்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது. ஓட்டிப் பார்த்தாலும் பெரும்பாலான நேரம் சரியாகவே ஓடுகிறது. இந்தப் பிழையின் தொல்லையே அங்கேதான் இருக்கிறது. பல நாள் ஒழுங்காக ஓடிய நிரலை எவருக்கோ காட்டும்போது, பந்து வலப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கத் தொடங்கும். "சார், பந்து சுவத்துல மாட்டிக்கிச்சு, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு" என்று மாணவர்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

நேற்று வரை ஏன் ஓடியது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சாளரத்தின் அகலம் 640 பிக்சல், பந்தின் ஆரம் 20 பிக்சல் என்று கொள்வோம். அப்படியானால் பந்தின் மையம் 620-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் பந்து சரியாக 5 பிக்சல் நகர்கிறது என்றால், 618-இல் இருக்கும் மையம் 623-க்குப் போகும், குறி மாறும், அடுத்த ஃபிரேமில் 618-க்கே திரும்பிவிடும். எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவும் அடுத்த அடியிலேயே வெளியே வந்துவிடுவதால் நிரல் தப்பித்துக்கொள்கிறது. அதாவது, போகும் அடியும் திரும்பும் அடியும் ஒரே நீளம் என்ற நிபந்தனையை எவரும் எழுதிவைக்காமலேயே அந்த மூன்று வரிகள் நம்பியிருக்கின்றன.

நகர்வை `dt` கொண்டு கணக்கிடும்போது அந்த நிபந்தனை உடைகிறது. வேகம் வினாடிக்கு 300 பிக்சல். வழக்கமான ஒரு ஃபிரேம் 16 மில்லி வினாடி எடுத்தால், ஓர் அடி 4.8 பிக்சல். பந்தின் மையம் 610-இல் இருக்கும்போது ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் தாமதமாகி 60 மில்லி வினாடி எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மையம் 18 பிக்சல் நகர்ந்து 628-க்குப் போகிறது. குறி மாறி வேகம் -300 ஆகிறது. அடுத்த ஃபிரேம் வழக்கம்போல் 16 மில்லி வினாடிதான் என்பதால் மையம் 623.2-க்கு மட்டுமே வருகிறது. அது இன்னும் 620-க்கு அப்பால்தான் இருக்கிறது. எனவே நிபந்தனை மீண்டும் உண்மையாகி, வெளியேறிக்கொண்டிருந்த பந்தின் குறியை மறுபடி மாற்றி, அதைச் சுவருக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. 628, 623.2, 628, 623.2 என்று பந்து அங்கேயே ஊசலாடத் தொடங்கும்.

அந்த ஒரு தாமத ஃபிரேம் எங்கிருந்தும் வரலாம். பெரிய படக் கோப்பு ஒன்றை விளையாட்டின் நடுவே ஏற்றினால் வரும். விண்டோஸ் கணினியில் சாளரத்தின் தலைப்புப் பட்டையை மவுஸால் பிடித்து இழுக்கும்போது கேம் லூப் நின்றுவிடுவதால், விட்டவுடன் வரும் `dt` வினாடிக் கணக்கில்கூட இருக்கும். ஐயம் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் `print(x, vx)` என்று போட்டுப் பாருங்கள். `vx`-இன் குறி வரிக்கு வரி மாறிக்கொண்டிருந்தால் நோய் இதுதான். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் லூப்புக்குள் `pygame.time.wait(random.choice([0, 0, 0, 60]))` என்ற வரியைச் சேர்த்து, தாமதத்தைத் தாங்களே வரவழைத்துக்கொள்ளலாம்.

புவியீர்ப்பையும் துள்ளல் இழப்பையும் சேர்க்கும்போது நிலைமை இதைவிட மோசமாகிறது, அதற்குத் தாமத ஃபிரேம்கூடத் தேவையில்லை. பைகேமில் y கீழ்நோக்கி வளரும். சாளரத்தின் உயரம் 480 என்றால் மையத்தின் எல்லை 460. ஒவ்வொரு மோதலிலும் வேகம் 0.8 மடங்காகக் குறைகிறது. புவியீர்ப்பு வினாடிக்கு வினாடி 900 பிக்சல், வினாடிக்கு 60 ஃபிரேம், ஆகவே ஒவ்வொரு ஃபிரேமிலும் கீழ்நோக்கிய வேகம் 15 கூடும். மையம் 459.5-இல் இருக்க, வேகம் 400 என்றால், அடுத்த அடியில் மையம் 466.2. குறி மாறி, 0.8 மடங்காகி, வேகம் -320, புவியீர்ப்பு சேர்ந்ததும் -305, மையம் 461.1-க்குத்தான் ஏறுகிறது. எல்லைக்குக் கீழேயே இருப்பதால் வேகம் மறுபடி திருப்பப்பட்டு, 244 ஆகக் கீழ்நோக்கிப் பாய்கிறது. வேகத்தை இழந்துவிட்ட பந்தால், உள்ளே போன தொலைவைத் திரும்பி வரும் அடியில் கடக்க முடிவதில்லை.

இதன் பிறகு நடப்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிய வேகம் என்பது 15-இலிருந்து பழைய வேகத்தின் 0.8 மடங்கைக் கழித்தது. இந்தக் கணக்கு மேலும் கீழுமாக ஆடி, கடைசியில் 8.33-இல் வந்து நிற்கும், ஏனெனில் 8.33-இன் 0.8 மடங்கான 6.67-ஐ 15-இலிருந்து கழித்தால் மறுபடியும் 8.33. நேர்க்குறி என்பதால் அது கீழ்நோக்கிய வேகம். ஆகவே பந்து சற்று நடுங்கிவிட்டு, பிறகு வினாடிக்கு 8 பிக்சல் அளவில் சீராகத் தரைக்குள் அமிழ்ந்து, நான்கைந்து வினாடிகளில் திரையிலிருந்து மறைந்துவிடும். புவியீர்ப்பு எண்ணைத்தான் தவறாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து அதைக் குறைத்துப் பார்ப்பவர்களே அதிகம். குறைத்தால் அமிழ்வது மெதுவாகும், நிற்காது.

தீர்வு இரண்டு மாற்றங்களில் அடங்கிவிடுகிறது. குறியை மாற்று என்பதற்குப் பதிலாக எந்தச் சுவரில் மோதியதோ அதற்கு எதிர்த்திசையில் போ என்று எழுத வேண்டும். எல்லையைத் தாண்டிய பந்தை எல்லையிலேயே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

```python
dt = min(clock.tick(60) / 1000, 0.05)

if x + r > W:
    x = W - r
    vx = -abs(vx)
elif x - r < 0:
    x = r
    vx = abs(vx)

if y + r > H:
    y = H - r
    vy = -abs(vy) * 0.8
```

`-abs(vx)` எத்தனை முறை ஓடினாலும் விடை இடப்பக்கம்தான் என்பதால், ஒட்டிக்கொள்வதற்கு வழியே இல்லை. தரைக்கும் அதே முறைதான்: 8.33 என்ற வேகம் உள்ளுக்குள் எஞ்சியிருந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மையம் 460-க்கு மீட்கப்படுவதால், பந்து தரைமேல் அசையாமல் நிற்பதாகவே கண்ணுக்குத் தெரியும். முதல் வரியில் உள்ள `min`, சாளரத்தை இழுத்துவிட்டவுடன் பந்து ஒரே அடியில் நூற்றுக்கணக்கான பிக்சல் தாவுவதைத் தடுக்கிறது. பந்தை எல்லையில் வைக்கும்போது சில பிக்சல் நகர்வு வீணாவது உண்மைதான். முதல் நிரலுக்கு அது ஒரு பொருட்டல்ல; துல்லியம் வேண்டுவோர் `x = 2 * (W - r) - x` என்று எழுதினால், 628-க்குப் போன மையம் கண்ணாடிப் பிம்பம்போல் 612-க்கு வந்துவிடும்.

இந்த முறை செல்லுபடியாவது வெளிச் சுவர்களுக்கு மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெளிச் சுவருக்கு அப்பால் பந்து இருப்பது எப்போதுமே தவறு என்பதால், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. திரையின் நடுவே 10 பிக்சல் தடிமனுள்ள மட்டை ஒன்றை வைத்தால் அந்த உறுதி போய்விடுகிறது. 40 பிக்சல் விட்டமுள்ள பந்து ஒரே அடியில் 50 பிக்சலுக்கு மேல் நகர்ந்தால், மட்டையைத் தொட்ட தடயமே இல்லாமல் அதைக் கடந்துவிட முடியும். மேலே வைத்த 0.05 வரம்பின்படி, வேகம் வினாடிக்கு 1000 பிக்சலைத் தாண்டும்போது இது நடக்கலாம். அதைவிடக் குறைந்த வேகத்திலும் மையம் மறுபக்கம் போய்விட்டால், பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை இப்போதைய `x`-ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே மட்டையைச் சேர்ப்பதற்கு முன், நகர்த்தும் வரிக்கு மேலே `old_x = x` என்று எழுதிவைத்து, மோதலைச் சோதிக்கும்போது அந்த முந்தைய இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.