எல்லைக்கோடு மாறினால் நாயும் நட்சத்திரமாகும்

புரூஸ் ஹெண்டர்சன் 1970-இல், தாம் நிறுவிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் வழியாகப் பரப்பிய வளர்ச்சி–பங்கு அட்டவணை, ஒரு நிறுவனத்தின் பொருள்களை இரண்டே அளவுகோல்களால் பிரிக்கிறது. ஒன்று சந்தையின் ஆண்டு வளர்ச்சி. வழக்கமாக 10 சதவீதம் அதன் நடுக்கோடு. மற்றொன்று ஒப்பீட்டுப் பங்கு, அதாவது நமது சந்தைப் பங்கை மிகப் பெரிய போட்டியாளரின் பங்கால் வகுத்து வரும் எண். அது 1-ஐத் தாண்டினால் அச்சந்தையில் நாமே முதலிடம்.

இதன் அடியில் இருப்பது பணக்கணக்கு. விற்பனை 100 அலகு உயர்ந்தால் இயந்திரங்களுக்கும் சரக்கிருப்புக்கும் கடன் விற்பனைக்குமாக 60 அலகு முடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 12 சதவீத வளர்ச்சிக்கு, இவ்வாண்டு விற்பனை 100 என்றால் 7.2 தேவை. நிறைய உற்பத்தி செய்து பழகி அடக்கவிலையைக் குறைத்துக்கொண்ட முதலிடக்காரரின் லாபம் 10 எனில், மிஞ்சுவது 2.8. வளர்ச்சியும் பங்கும் உயர்ந்த இத்தகைய பொருளே நட்சத்திரம். அதே வளர்ச்சியில் பங்கு குறைந்து லாபம் 3 மட்டுமே உள்ள பொருள் கேள்விக்குறி. அதற்கு 4.2 பற்றாக்குறை. சந்தையின் வளர்ச்சி 3 சதவீதமாகத் தணிந்தால் நட்சத்திரம் பணம் தரும் பசுவாகி, 8.2-ஐ மிச்சம் தருகிறது. அந்த மிச்சம்தான் கேள்விக்குறிகளை வளர்க்கிறது. வளர்ச்சியும் பங்கும் குறைந்தவை நாய்கள். அவற்றைக் கைவிடலாம் என்பதே வழக்கமான அறிவுரை.

இக்கருவி எங்கே வழுக்கும் என்பதைக் கற்பனையான ஒரு நிறுவனத்தின் நீர் வடிகட்டியில் காணலாம். அது ஆண்டுக்கு 30,000 வடிகட்டிகளை மருத்துவமனைகளுக்கு மட்டும் விற்கிறது. வடிகட்டிகளின் மொத்தச் சந்தை 3,00,000. அதில் முதலிடக்காரர் விற்பது 1,20,000. வளர்ச்சி 4 சதவீதம். ஒப்பீட்டுப் பங்கு 0.25 ஆவதால், இது நாய். ஆனால் மருத்துவமனைச் சந்தையை மட்டும் எடுத்தால் அதன் அளவு 50,000, அடுத்த போட்டியாளர் விற்பது 10,000, வளர்ச்சி 12 சதவீதம். ஒப்பீட்டுப் பங்கு 3. இப்போது அதே பொருள் நட்சத்திரம். தொழிற்சாலையில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. சந்தையின் எல்லைக்கோடு மட்டுமே இடம் மாறியது.

ஆகவே அட்டவணையை வரையும் முன், நமது பொருளின் விலை சற்று உயர்ந்தால் வாங்குவோர் உண்மையில் யாரிடம் போவார்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் செல்லக்கூடிய விற்பனையாளர்களே நமது சந்தை. வீட்டு வடிகட்டி செய்பவரால் மருத்துவமனைத் தரத்தை எட்ட முடியாதெனில், முதல் கணக்கு தவறு. அடக்கவிலை உற்பத்தி அளவைச் சார்ந்து குறையாத தொழில்களில் பங்கும் லாபமும் சேர்ந்தே நடப்பதில்லை. ஒரு நாயை நிறுத்தினால் அதனோடு சேர்த்து வாங்கப்படும் நட்சத்திரமும் சரியக்கூடும். என் பார்வையில், ஒரு பொருளுக்கு நாய் என்று பெயர் சூட்டுவதற்குமுன், கடந்த மூன்று ஆண்டுகளில் அது கொண்டுவந்த பணத்தையும் விழுங்கிய பணத்தையும் கணக்கேட்டில் பார்ப்பது கட்டாயம். அது தொடர்ந்து மிச்சம் தந்திருந்தால், சந்தேகிக்க வேண்டியது பொருளை அல்ல, எல்லைக்கோட்டை.