மொட்டைக் கடுதாசி வந்தால் முதலில் செய்யக் கூடாதது

இந்த மாதம் மூன்றாவது தடவை. ஒரு தொழிற்சாலையிலிருந்து ஸ்கிராப் விற்பனையில் எடை மோசடி என்று பெயரில்லாத கடிதம் வருகிறது. தலைமை அலுவலகத்தில் அதைப் பிரித்த அதிகாரி செல்போனில் படம் எடுத்து, 'என்ன விஷயம் பாருங்க' என்று அந்தத் தொழிற்சாலைத் தலைவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கையால் எழுதிய கடிதம் அது. உள்தணிக்கைக்காரனான என் மேசைக்கு அது வர நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் எடைமேடைப் பிரிவில் இரண்டு பேருக்கு ஷிப்ட் மாறியிருந்தது.

படத்தை அனுப்பிய அதிகாரியைக் கேட்டேன். "சார், ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தானே விசாரிக்க முடியும்?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. லாரியின் எடை தவறா சரியா என்பது எழுதியவரின் பெயரைப் பொறுத்ததா? எழுதியவர் பதவி உயர்வு கிடைக்காத கடுப்பில் எழுதியிருக்கலாம். சண்டைக்காரராக இருக்கலாம். அவரே அந்தப் பணத்தில் பங்கு வாங்கி, பங்கு குறைந்ததும் எழுதியிருக்கலாம், அதுவும் நடக்கும். எப்படியிருந்தாலும் எடைமேடை காட்டிய எண் மாறாது. உள்நோக்கத்தைப் பற்றிப் பிற்பாடு, ஆதாரம் கையில் வந்தபின் யோசிக்கலாம். முதல் நாளே அதைத் தேடினால், தேடுகிறோம் என்கிற செய்தியே ஆலை முழுக்கப் பரவி, அடுத்த கடிதம் எழுத இருந்தவர் பேனாவை மூடிவிடுவார்.

இது ஏதோ நம்மூர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பார்க்ளேஸ் வங்கியின் அப்போதைய தலைமை அதிகாரி ஜெஸ் ஸ்டேலி 2016-ல் ஒரு பெயரில்லாத கடிதத்தை எழுதியது யார் என்று வங்கியின் பாதுகாப்புப் பிரிவை வைத்துத் தேடினார். 2018-ல் பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் போட்டன. இங்கே கம்பெனிகள் சட்டம் 2013-ன் 177-வது பிரிவு, புகார் சொல்பவர் பழிவாங்கப்படாமல் காக்கப் போதிய ஏற்பாடு வேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் அவர் நேராக ஆடிட் கமிட்டித் தலைவரையே அணுகலாம் என்றும் சொல்கிறது.

சரி, இதே மாதிரி இன்னொரு கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்தபோது என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

இரண்டு பக்கக் கடிதம். அக்டோபரில் ஞாயிற்றுக்கிழமைகளில் போன மூன்று டர்னிங் ஸ்கிராப் லாரிகளில் எடை குறைத்துக் காட்டப்பட்டது என்று ஒரு பகுதி. கேன்டீன் கான்ட்ராக்டில் கமிஷன் போகிறது என்று ஒரு வரி. ஒரு சூப்பர்வைசர் பெண் ஊழியர்களிடம் தப்பாகப் பேசுகிறார் என்று கடைசிப் பத்தி.

முதல் வேலை, கடிதத்தை மூன்றாகப் பிரித்தது. கடைசிப் பத்தி தணிக்கையின் வேலையே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது, அந்தப் பத்தி மட்டும் அங்கே போயிற்று. கேன்டீன் வரியில் தேதி இல்லை, தொகை இல்லை, யார் யாருக்கு என்றும் இல்லை. அதைக் குப்பையில் போடவில்லை, 'மேலும் தகவல் தேவை' என்று காரணத்துடன் பதிவேட்டில் ஏற்றி நிறுத்தினோம். ஸ்கிராப் பகுதியில்தான் நாள், பொருள், வழிமுறை எல்லாம் இருந்தன. அதோடு தவறு இன்னும் நடந்துகொண்டிருக்கலாம், வாசல் கேமராப் பதிவு முப்பது நாளில் அழிந்துவிடும். ஆகவே அதுதான் முன்னால்.

அடுத்து, கடிதத்தைத் திரும்ப டைப் செய்தேன். 'நான் கேட்டதுக்கு அவர் முறைச்சார்' என்ற ஒரு வரி போதும், ஆளைக் கண்டுபிடிக்க. குற்றச்சாட்டை மட்டும் என் வார்த்தையில் ஐந்து வரியாக எழுதி, ஒரு எண் கொடுத்து, மூலத்தை உறையில் ஒட்டிப் பூட்டிவிட்டேன். அதன்பின் குழுவில் யாருக்கும் அந்த ஐந்து வரிதான். தொழிற்சாலை எச்.ஆர். தலைவர் வழக்கமாகப் புகார்க் குழுவில் உட்காருபவர். கடிதத்தில் பெயர் வந்த தொழிற்சாலைத் தலைவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர் என்பதால் இந்த முறை அவர் இல்லை. கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது எதை, எதுவரை சோதிப்பது என்ற எல்லையைத் தீர்மானிக்கிற கட்டம். ரகசியம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். 'அக்டோபர் ஞாயிறுகளின் கேட்பாஸ் மட்டும் கொடுங்கள்' என்று போய் நின்றால் கடிதத்தை வாசித்துக் காட்டியதற்குச் சமம். அதனால் யாரையும் கேட்காமலே கிடைப்பதை முதலில் எடுத்தோம். தலைமை அலுவலக சர்வரில் எடைமேடைப் பதிவின் நகல் இருந்தது. ஒரு வருடத்துக்கு எடுத்து, லாரி வாரியாக வரிசைப்படுத்தினோம்.

சரக்கின் எடை என்பது ஏற்றிய லாரியின் எடையிலிருந்து காலி லாரியின் எடையைக் கழித்தது. காலி எடையைக் கூட்டிக் காட்டினால் சரக்கு குறைந்துவிடும். ஒரு லாரி 58 தடவை வந்திருந்தது. வழக்கமாகக் காலியாக 6,200 கிலோ. 17 தடவை மட்டும் 7,000 சுற்றி. டீசல் நிரப்பியிருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். முந்நூறு லிட்டர் டீசலே 250 கிலோதான். அந்த 17-ம் ஒரே ஷிப்டில். தடவைக்கு 800 கிலோ, கிலோ 32 ரூபாய் என்றால் சுமார் 4.35 லட்சம்.

அதன்பின் எல்லை தானாகவே விரிந்தது. இந்த ஸ்கிராப்பை வாங்குபவர் மற்ற இரண்டு ஆலைகளிலும் எடுக்கிறார், ஆகவே மூன்று ஆலைகளும். கொள்முதல் பக்கம் போகவில்லை, போகக் காரணமில்லை. ஆடிட் கமிட்டித் தலைவரின் ஒப்புதலோடு, மூன்று ஆலைகளிலும் எடைமேடை ஆய்வு என்று தணிக்கைத் திட்டத்தில் சேர்த்தோம். பெயருக்கு அல்ல, மூன்றிலும் உண்மையாகவே செய்தோம், வேறொரு ஆலையில்தான் தொடங்கினோம். ஆட்களிடம் பேசியது கடைசியில். அந்த ஷிப்டில் எல்லோரையும், அகர வரிசையில், ஒரே கேள்விகளுடன்.

சட்டபூர்வத் தணிக்கையாளரும் கேட்பார். தணிக்கை அறிக்கையில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று 2020-ல் வந்த காரோ உத்தரவுப்படி வருடத்தில் வந்த புகார்களை அவர் கருத்தில் எடுத்தாக வேண்டும். குற்றச்சாட்டையும் நிலவரத்தையும் கொடுங்கள். உறைக்குள் இருக்கும் மூலக் கடிதத்தை நகலெடுத்து நீட்ட வேண்டாம்.

மேலாளர்களே, கடிதம் கைக்கு வந்தால் படம் எடுக்காதீர்கள், 'விளக்கம் தரவும்' என்று கீழே அனுப்பாதீர்கள், கையெழுத்தை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடாதீர்கள். விசாரணை முடியும்வரை அந்தப் பிரிவில் யார் ஷிப்டையும் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எழுத நினைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயர் யாருக்கும் ஒருநாளும் தெரியாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. நீங்கள் பெயர் சொல்லி, நாளை நீதிமன்றம் கேட்டால் மறைக்க எனக்கு வழியில்லை. பெயரில்லாமலே எழுதுங்கள், ஆனால் வண்டி எண், தேதி, பில் எண் எழுதுங்கள். உங்களுக்கும் இன்னொருவருக்கும் இடையே மட்டும் நடந்த பேச்சை எழுதாதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர், ஆபீஸ் பிரிண்டர் வேண்டாம். புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி அதைக் குறிப்பிடுங்கள், பத்து நாள் கழித்துத் திறந்து பாருங்கள். அந்தக் கேன்டீன் விஷயத்தில் எனக்கு இரண்டு கேள்வி இருந்தது, கேட்க இடமில்லை.