பெருங்காய டப்பாவில் கோதுமை

சேலத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து ஆன்லைனில் விற்பவர்களுக்கு லேபிள் எழுதித் தருவது என் தொழில். அம்மாபேட்டை அக்கா ஒருவர் தட்டுவடைப் பாக்கெட்டோடு வந்தார். விற்பனைப் பக்கத்தில் இப்படி இருந்தது: "அரிசி மாவு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு, எண்ணெய். கோதுமை சேராதது."

"நம்ம வீட்ல மைதாவே வாங்கறதில்லைங்க தம்பி" என்றார். பெருங்காய டப்பாவை எடுத்துவரச் சொன்னேன். பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றிருந்தது. அக்கா இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயத்தின் காரநெடி தாங்காது என்பதால் மாவும் பிசினும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமைதான். சிலவற்றில் அரிசி மாவு. ஒரு கிலோ அரிசி மாவுக்கு அக்கா போடுவது ஒரு டீஸ்பூன். ஆனால் குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தச் சிறு அளவும் குடலைப் புண்ணாக்கலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கூட்டுப்பொருள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உட்பொருட்களைப் பிரித்து எழுத வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் சலுகை உண்டு. ஒவ்வாமைப் பொருளுக்கு அந்தச் சலுகையை நம்பக் கூடாது. கோதுமை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா ஆகியவை துளி சேர்ந்தாலும் "அடங்கியுள்ளது" என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். வேர்க்கடலை பெயரிலேயே தெரிகிறதே என்று விட்டுவிடவும் கூடாது.

அடுத்தது எண்ணெய். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்த வேண்டும். அக்கா எண்ணெயைக் கடைசியில் போட்டிருந்தார். பொரிக்கும் முன்னும் பின்னும் வாணலி எண்ணெயை நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிலோ மாவுக்கு 300 கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. ஆக அரிசி மாவுக்கு அடுத்த இடம் எண்ணெய்க்கு. அதுவும் "எண்ணெய்" என்று பொதுவாக இல்லாமல், பாமாயிலா கடலை எண்ணெயா என்று பெயரோடு.

காலாவதி நாளை அக்கா பக்கத்து வீட்டு பாக்கெட்டைப் பார்த்து மூன்று மாதம் என்று போட்டிருந்தார். ஒரே ஈட்டில் பொரித்த பத்துப் பாக்கெட்டை அலமாரியில் வைத்து, வாரம் ஒன்று பிரிக்கச் சொன்னேன். சித்திரை வெயிலில் ஏழாவது வாரம் வேர்க்கடலையில் சிக்கு வாடை அடித்தது. 35 நாள் என்று எழுதினோம்.

இப்போதைய பட்டியல்: "அரிசி மாவு, பாமாயில், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, உப்பு, மிளகாய்த்தூள், கூட்டுப் பெருங்காயம் (பிசின், கோதுமை மாவு, பெருங்காயம்). கோதுமை, வேர்க்கடலை அடங்கியுள்ளது. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்கவும். பிரித்தபின் காற்றுப் புகாத டப்பாவில் போடவும்." பாக்கெட்டில் இதே விவரம் ஆங்கிலத்திலும் உண்டு. தமிழ் மட்டும் அச்சிட்டால் விதிப்படி செல்லாது.

பெருங்காய பிராண்டை மாற்றினால் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார் அக்கா.