‘மனம் குளிர்ந்தது’ ஸ்வீடிஷில் ‘மனம் சூடானது’ ஆகும்: அம்மம்மாவின் நன்றிக் கடிதத்தை மொழிபெயர்ப்பவர்களுக்கு

ஸ்வீடனில் ஜூன் மாதம் பள்ளி முடியும். கடைசி நாளை ஒட்டி ஆசிரியரின் மேசையில் பூங்கொத்துகளும் சின்னச் சின்ன வாழ்த்து அட்டைகளும் சேரும். அந்த வாரத்தில் தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வருவதும் உண்டு: “இதை ரீச்சரிட்டச் சொல்லிவிடு பிள்ளை.” சொல்லிவிடும் பொறுப்பு மகளின் தலையில் விழும். மகளுக்கு ஸ்வீடிஷ் தெரியும், தமிழும் தெரியும். ஆனாலும் கடிதம் சரியாக அமைவதில்லை. ஒன்று, கோயில் கல்வெட்டு போல ஆகிவிடுகிறது. இல்லாவிட்டால் அலுவலக மின்னஞ்சல் போல வறண்டுவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்வோம். பேரன் முதலாம் வகுப்பு முடிக்கிறான்.

“வணக்கம் ரீச்சர். நான் பிள்ளையின்ர அம்மம்மா கதைக்கிறன். என்ர பேரனை உங்கட பிள்ளை மாதிரிப் பாத்தனீங்கள். முதல் வந்த நேரம் வாயே திறக்காமல் இருந்தவன். இப்ப ஒவ்வொரு நாள் இரவும் ஃபோனில எனக்குக் கதைப்புத்தகம் வாசிச்சுக் காட்டுறான். கேக்கக் கேக்க மனம் குளிருது. நீங்கள் தெய்வம் மாதிரி. இந்தக் கடனை நான் என்னெண்டு தீர்க்கப் போறன்? நீங்களும் உங்கட பிள்ளையளும் நூறு வருசம் நல்லா இருக்கோணும். ஏதும் பிழையாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

முதலில் ‘நீங்கள்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடிஷில் ஒருவரை அழைக்கும் சொல் ‘டூ’. பலரையும் அழைக்கும் சொல் ‘நீ’. ஆமாம், நம் காதில் விழுவது அதே நீதான், ஆனால் அங்கே அதன் பொருள் நீங்கள். மரியாதைக்காக ஆசிரியரை ‘நீ’ என்று எழுதலாமே என்று தோன்றும். எழுதக்கூடாது. 1960களின் பிற்பகுதியில் ஸ்வீடன் முழுக்க ‘டூ’வுக்கு மாறியது. 1967இல் அரசின் மருத்துவ வாரியத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் எல்லாரையும் இனி ‘டூ’ என்றே அழைப்பதாக அறிவித்தார். அந்த மாற்றத்தோடு இன்றும் அவர் பெயரைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே ‘நீ’க்கு அங்கே நல்ல பெயர் இல்லை. மேலிருப்பவர் கீழிருப்பவரைக் கூப்பிடும் வாடை அதில் இருந்தது. ஆகவே ஆசிரியர் ‘டூ’தான், அதுவும் முதல் பெயரோடு. ‘ஹேய்’ என்று தொடங்கி அவர் பெயரைப் போட்டு ஓர் ஆச்சரியக்குறி இட்டால் போதும். ‘ரீச்சர்’ என்பதற்கு நிகராகச் சிறு பிள்ளைகள் வாயில் ‘ஃப்ரோக்கென்’ வரும். அது பிள்ளை கூப்பிடும் சொல், அம்மம்மா எழுதும் சொல் அல்ல. இரண்டு ஆசிரியர்களுக்கும் சேர்த்து எழுதினால் மட்டும் ‘நீ’ சரி. (‘உனக்கு’ என்பதை அவர்கள் உச்சரிப்பது ‘டேய்’. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.)

அம்மம்மா என்ற சொல்லில் சிக்கலே இல்லை. அம்மாவின் அம்மா ‘மூர்மூர்’, அப்பாவின் அம்மா ‘ஃபார்மூர்’. யாழ்ப்பாணத்து அம்மம்மா, அப்பம்மா எப்படிக் கட்டப்பட்டவையோ அப்படியே கட்டப்பட்ட சொற்கள். ஆங்கிலம் வழியாக யோசித்து ‘பாட்டி’ என்று பொதுச்சொல் தேடுகிறவர்கள்தான் இங்கே தடுமாறுகிறார்கள்.

அடுத்தது ‘மனம் குளிருது’. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆபத்து. வெயிலில் வாழும் நமக்கு மகிழ்ச்சி குளிர்ச்சி: கண் குளிரும், வயிறு குளிரும், மனம் குளிரும். நீண்ட குளிர்காலத்தைப் பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சி வெதுவெதுப்பு. ‘என் இதயம் குளிர்ந்தது’ என்று ஸ்வீடிஷில் எழுதினால், பயந்துபோனேன் அல்லது அன்பு அற்றுப்போனது என்றுதான் ஆசிரியர் படிப்பார். எழுத வேண்டியது ‘வேர்மெர்’ என்ற வினைச்சொல், அதாவது ‘சூடேற்றுகிறது’. இங்கே ஸ்வீடிஷ் ஓர் அழகான வசதியும் தருகிறது. சொற்களை ஒட்டிப் புதுச்சொல் ஆக்கலாம். ‘மூர்மூர்ஸ்யேர்ட்டா’ என்றால் அம்மம்மா-இதயம், ஒரே சொல். ‘டெ வேர்மெர் மிட் மூர்மூர்ஸ்யேர்ட்டா’: இது என் அம்மம்மா இதயத்துக்கு இதமாக இருக்கிறது. மொத்தக் கடிதத்திலும் ஆசிரியர் நின்று படிக்கப்போகும் வரி இதுதான்.

‘கடன்’ அடுத்த பொறி. ஸ்வீடிஷில் கடனுக்கான ‘ஸ்குல்ட்’ என்ற சொல்லுக்கே குற்றம் என்ற பொருளும் உண்டு. இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன் என்ற கேள்வியை அப்படியே வைத்தால் வாசிப்பவர் மனதில் ஒரு சங்கடம் ஏறும். நன்றிக்கடன் என்ற பொருளில் ஒரு நீண்ட கூட்டுச்சொல் ஸ்வீடிஷிலும் உண்டு, ஆனால் அது மேடைப் பேச்சுக்கு ஆனது. ‘நான் மிகவும் நன்றியுள்ளவளாக இருக்கிறேன்’ என்ற நேரான வாக்கியமே இங்கே பொருந்தும்.

‘தெய்வம் மாதிரி’ என்பதைக் கடவுள் என்று எழுதினால் ஆசிரியர் சிரித்துவிடுவார், அல்லது கூச்சப்படுவார். இதற்காக வரியையே வெட்டுபவர்கள் உண்டு. ஸ்வீடன்காரர்களுக்கு எல்லாம் அளவோடு இருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதை வைத்து முழுக் கடிதத்தையும் மொட்டையடித்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. அவர்களிடமும் தாராளமான பாராட்டு உண்டு, அதை ஊற்றும் பாத்திரம்தான் வேறு. ‘டூ எர் குல்ட் வேர்ட்’, நீ தங்கத்துக்குச் சமம். நாம் ‘தங்கமான மனுசி’ என்று சொல்வதற்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு ஸ்வீடிஷ் வழக்கு இருப்பது நம் அதிர்ஷ்டம்.

‘உங்கட பிள்ளை மாதிரிப் பாத்தனீங்கள்’ என்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தன் பிள்ளையைப் போலப் பார்ப்பது அங்கே ஆசிரியரின் வேலை அல்ல. வீடு வேறு, பள்ளி வேறு என்ற கோட்டை அவர்கள் மதிக்கிறார்கள். அம்மம்மா உண்மையில் சொல்வது என்ன? முப்பது பேர் நடுவில் வாய் திறக்காத ஒருவனை அந்த ஆசிரியர் கவனித்தார் என்பதை. அதற்கு ஸ்வீடிஷ் பள்ளிகளில் ஒரு சொல் இருக்கிறது: ‘பார்ப்பது’. ஒரு பிள்ளை ‘பார்க்கப்பட்டது’ என்றால் அது யார், அதற்கு என்ன தேவை என்று பெரியவர் ஒருவர் கண்டுகொண்டார் என்று பொருள். ‘டக் ஃபோர் அட் டூ சேர் ஹொனொம்’, நீ அவனைப் பார்ப்பதற்கு நன்றி. தமிழில் வெறுமையாகத் தெரியும் இந்த வரிக்கு அங்கே கனம் அதிகம். அதே ‘பாத்தனீங்கள்’தான், ‘உங்கட பிள்ளை மாதிரி’ என்பதை மட்டும் கழற்றியிருக்கிறோம்.

இதற்குப் பதிலாக ‘உன் பொறுமைக்கு நன்றி’ என்று சுருக்கமாக எழுதத் தோன்றும். அது தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும் நிறுவனங்களின் வாடிக்கை வரி. வேண்டாம்.

வாழ்த்தை எடுத்துக்கொண்டால், ஆசிரியருக்குப் பிள்ளைகள் உண்டா என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் எழுதினால் புண்படலாம். நூறு வருடம் அங்கே பிறந்தநாள் பாட்டில் வரும், நன்றிக் கடிதத்தில் அல்ல. ‘யா ஓன்ஸ்கர் டேய் ஆல்ட் கோட்’, உனக்கு எல்லா நன்மையும் வேண்டுகிறேன். ஆசீர்வாதத்தின் எடை இதில் இறங்கிவிடுகிறது. ஜூன் கடிதமானால் நல்ல கோடை அமையட்டும் என்று சேர்ப்பதைத் தவறவிடக்கூடாது. அந்த மாதத்தில் எல்லாரும் எல்லாரிடமும் சொல்லும் வாழ்த்து அது. ‘பிரார்த்தனையில் உன்னை நினைக்கிறேன்’ என்ற வரி மட்டும், ஆசிரியருக்கு ஏதோ நோய் என்று கேள்விப்பட்டது போலத் தொனிக்கும்.

பிழை பொறுக்கக் கேட்பது நமக்குப் பணிவு. அங்கே, என்ன பிழை என்று தேட வைக்கும். அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லலாம்: ‘ஸ்வீடிஷில் எழுத என் மகள் உதவினாள்.’

இத்தனைக்கும் பிறகு கடிதம் தமிழில் படித்தால் இப்படி இருக்கும்:

“ஹேய், (ஆசிரியர் பெயர்)! நான் (பிள்ளை பெயர்)இன் அம்மம்மா, யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். நீ அவனைப் பார்ப்பதற்கு நன்றி. போன இலையுதிர்காலத்தில் அவன் ஏறக்குறைய எதுவும் பேசவில்லை. இப்போது ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் எனக்கு வாய்விட்டு வாசிக்கிறான். என் அம்மம்மா இதயத்துக்கு அது இதமாக இருக்கிறது. இவ்வளவு தூரத்தில் இருக்கும் எனக்கு, அவன் பத்திரமான கைகளில் இருக்கிறான் என்பது நிம்மதி. நான் மிகவும் நன்றியுள்ளவளாக இருக்கிறேன். நீ தங்கத்துக்குச் சமம்! உனக்கு எல்லா நன்மையும், நல்ல கோடையும் வேண்டுகிறேன். ஸ்வீடிஷில் எழுத என் மகள் உதவினாள். அன்பான வணக்கங்களுடன், (பிள்ளை பெயர்)இன் அம்மம்மா.”

இதில் ‘பத்திரமான கைகள்’, ‘ட்ரிகா ஹெண்டர்’, பதிவில் இல்லாத வரி. கேட்டு வாங்கியது. எழுதுமுன் அம்மம்மாவிடம், “அவன் அங்க இருக்கிறதைப் பத்தி உங்களுக்கு என்ன நினைப்பு?” என்று ஒரு கேள்வி கேட்டால் இப்படி ஏதாவது வரும். “நல்ல கையில இருக்கிறான் எண்டு நிம்மதி” என்று அவர் சொல்லும்போது ஸ்வீடிஷ் வழக்கு தயாராகக் காத்திருக்கிறது. வெட்டிய இடங்களை நாமே கற்பனையால் நிரப்புவதைவிட இது நேர்மையானது.

எழுதும்போது இரண்டு இடங்களில் கை தவறும். ‘ஒவ்வொரு இரவும்’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் ஸ்வீடிஷில் வினை உடனே வர வேண்டும்: ஒவ்வொரு இரவும் வாசிக்கிறான் அவன். ‘அவன்’ முன்னே வந்துவிட்டால் பொருள் புரியும், ஆனால் பிறமொழிக்காரர் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மற்றது புள்ளி. நம் மெய்யெழுத்துக்குப் புள்ளி எப்படியோ, அங்கே ‘ஓ’, ‘ஏ’ ஒலிக்கு எழுத்தின் மேல் இரண்டு புள்ளி அப்படி. ‘டக் ஃபோர்’ என்பதில் புள்ளியை விட்டால் ‘ஃபோர்’ என்பது ‘பயணம் போனான்’ என்ற வேறு சொல்லாகிவிடும். கைப்பேசியில் ஸ்வீடிஷ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் இது தீரும்.

முடிப்பில் ‘எம்-வே-ஹோ’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் வேண்டாம், அது அலுவலகத்துக்கு. ‘வார்மா ஹெல்ஸ்னிங்கார்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘அணைப்பு’ என்று பொருள்படும் ‘க்ராம்’, அம்மம்மா அந்த ஆசிரியரை ஒருமுறையாவது நேரில் பார்த்திருந்தால் பொருந்தும். அட்டைக்குள் பணம் வைக்காதீர்கள். அரசு, நகராட்சிப் பள்ளி ஆசிரியருக்குப் பணமோ பரிசுச் சீட்டோ கொடுப்பது லஞ்சச் சட்டத்தின் எல்லைக்குள் போகும். பூவோ வீட்டில் செய்த பலகாரமோ பொதுவாகப் பிரச்சினை ஆகாது. பலகாரத்தில் முந்திரி, கச்சான் இருந்தால் ஒவ்வாமை கருதி வெளியே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, ஸ்வீடிஷ் வடிவத்தை வரிவரியாகத் தமிழில் அம்மம்மாவிடம் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். “தெய்வம் எங்க போச்சுது?” என்று கேட்பார். தங்கத்தைக் காட்டுங்கள். அப்படியும் அவருக்கு ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. அவர் கையாலேயே ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை அச்செடுத்து அட்டையின் இடப்பக்கம் ஒட்டி, வலப்பக்கம் ஸ்வீடிஷை எழுதுங்கள். தெய்வமும் கடனும் நூறு வருடமும் இடப்பக்கத்தில் அவர் கையெழுத்தில் அப்படியே இருக்கும்.