ராம்சேஸுக்கு வெயில், துட்டன்காமுனுக்கு இருட்டு

கெய்ரோ நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். மூவாயிரம் ஆண்டுப் பழைய லினன் துணி தாங்கக்கூடியது 50 லக்ஸ். கீசாவில் 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தை நான் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் மதிப்பிடுவேன். ஒரே கட்டடத்துக்குள் பார்வையாளரை முதல் எண்ணிலிருந்து இரண்டாவதுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுவும் கண் கூசாமல், தடுமாறாமல்.

துணிக்கு ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஒளி செய்யும் சேதம் காயம்போல ஆறாது, கடன்போலச் சேர்ந்துகொண்டே போகும். சாயத்தின் மூலக்கூறுகளை ஒளி உடைக்கிறது, உடைந்தது உடைந்ததுதான். வருடத்துக்கு 3,000 மணி நேரம் 50 லக்ஸில் வைத்தால் மொத்தம் 1,50,000 லக்ஸ்-மணி. அதே துணியை வாசல் முற்றத்தில் விரித்தால் ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஒரு வருடக் கணக்கு தீர்ந்துவிடும். கருங்கல்லுக்கோ ஒளியால் ஒன்றும் ஆவதில்லை.

டப்ளினைச் சேர்ந்த ஹெனிகன் பெங் நிறுவனம் இந்த வேறுபாட்டையே வழித்தடமாக்கியிருக்கிறது. 2003-இல், 1,557 வடிவமைப்புகள் வந்த போட்டியில் வென்ற திட்டம் இது. முதலில் வெயில் முற்றம். அங்கே ஒரு தூபியைத் தூண்களின்மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே போய் அண்ணாந்து பார்த்தால், கண்ணாடிக்கு அப்பால், தூபியின் அடிப்பாகத்தில் செதுக்கிய பழைய எகிப்திய மன்னர் ராம்சேஸின் பெயர் தெரிகிறது. மண்ணில் ஊன்றியிருந்தவரை எவர் கண்ணிலும் படாத எழுத்து அது.

அடுத்தது முகப்பு மண்டபம். கூரை உண்டு, ஆனால் காற்று உள்ளே வந்து போகும். 11 மீட்டர் உயர ராம்சேஸ் சிலை, 83 டன், இங்கேதான் நிற்கிறது. கல் என்பதால் இந்தப் பளபள வெளிச்சத்தில் நிற்கலாம். இவ்வளவு பெரிய மண்டபத்தைக் குளிரூட்டாமல் நிழலாலும் காற்றோட்டத்தாலும் சமாளிப்பது புத்திசாலித்தனம். கனமான கான்கிரீட் பகல் வெப்பத்தை மெதுவாக உள்வாங்கி, பாலைவனத்தின் குளிர்ந்த இரவில் வெளியே விடும். விலையும் உண்டு: தூசி தடையில்லாமல் வரும். துடைப்பத்துக்கு ஓய்வே கிடையாது.

அப்புறம் ஆறு மாடி உயரப் பெரும்படிக்கட்டு. இருபுறமும் கற்சிலைகள். ஏறி முடித்தால் கண்ணாடிக்கு அப்பால் பிரமிடுகள். ஏற ஏறக் கால் வலிக்கிறதே தவிர அலுப்பில்லை. முடியாதவர்களுக்குப் பக்கத்தில் நகரும் பாதை இருக்கிறது. ஒரு குறை: உச்சியை நெருங்கும்போது எதிரே பிரகாசமான ஜன்னல். கண் அந்த வெளிச்சத்துக்குச் சுருங்கிக்கொள்வதால், இடையில் நிற்கும் சிலையின் முகம் கறுத்துப்போகிறது. ஜன்னலை முதுகுக்கு விட்டுத் திரும்பி நின்று பார்த்தால்தான் மூக்கும் முழியும் தெரிகின்றன.

அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கெய்ரோவில் கோடை நண்பகல் சூரியன் 83 பாகை உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்குமேல். தெற்கு பார்த்த 10 மீட்டர் கண்ணாடி வழியாக வெயில் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமாகத்தான் உள்ளே வரும். டிசம்பரில் சூரியன் 36 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது அதே வெயில் 13 மீட்டருக்குமேல் ஊடுருவும். பிரமிடுகள் தென்கிழக்கே இருப்பதால் ஜன்னலும் சற்றுக் கிழக்கே திரும்பியிருக்கிறது. ஆகவே குளிர்காலக் காலை நேரம்தான் கண் கூச்சம் அதிகம். பிரமிடுக்காக நான் அதை மன்னித்துவிடுவேன். கோடையில் போகிறவருக்கு மன்னிக்க எதுவும் இருக்காது.

படிக்கட்டுக்கு அப்பால் வெளிச்சம் இறங்குகிறது. கடைசியில் இன்னொரு மன்னரான துட்டன்காமுனின் அரங்கு, 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள், இருட்டுக்குள் விளக்கொளித் தீவுகள். வெயிலிலிருந்து நேராக இதற்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது, கண் பழக நிமிடங்கள் ஆகும். மண்டபமும் படிக்கட்டும் அந்த நிமிடங்களைத் தந்துவிடுகின்றன. இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் எல்லோரும் தங்க முகமூடியைத் தேடி வருவதால் கூட்டம் அங்கேயே கட்டி நிற்கிறது. அத்தனை அகலமான படிக்கட்டுக்குப் பிறகு இந்த நெரிசல் கொஞ்சம் ஏமாற்றம்.

பொருள்களில் கான்கிரீட்டும் கல்லும்தான் முதன்மை, இரண்டுமே பாலைவனத்துக்குப் பொருத்தமானவை. மடிப்பு மடிப்பான கூரை பீடபூமியைத் தாண்டி உயராமல் பிரமிடுகளுக்கு மரியாதை செய்கிறது. அந்த அடக்கத்தை வாசலின் பிரமிடு வடிவ அலங்காரம் கெடுக்கிறது. அரசர்களின் பெயர்ச் சின்னங்களை இத்தனை அடுக்கத் தேவையில்லை. தவிர, கல்லும் கான்கிரீட்டும் ஒலியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்பும். இடமும் பெரிது என்பதால் ஒவ்வொரு சத்தமும் நெடுநேரம் உலவுகிறது. நான்கு வழிகாட்டிகள் நான்கு மொழியில் பேசினால், ராம்சேஸின் காலடியில் நிற்பவருக்கு நான்கும் ஒரே இரைச்சல்தான்.